‘கலைஞ்சது’, ‘கலைச்சது’: அம்மாவுக்கு இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வெள்ளவத்தைத் தம்பி

மூன்று நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் மனைவிக்கு 31 வயது, இது முதல் கர்ப்பம். கடைசி மாதவிடாய் தொடங்கியது மார்ச் 2. மே 14, கணக்குப்படி 10 கிழமையும் 3 நாளும் ஆனபோது ஸ்கேன் எடுத்தோம். குழந்தை 10 மில்லிமீட்டர்தான் இருந்தது, 7 கிழமை 1 நாள் அளவு, இதயத்துடிப்பு இல்லை. அடுத்த நாள் வார்டில் உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் செய்து இரண்டு டொக்டர்கள் அதையே சொன்னார்கள். மாத்திரை வைத்தார்கள், முழுதாக வெளியேறவில்லை என்று பிறகு வொஷ் பண்ணினார்கள். வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது.

பிரச்சினை என்னவென்றால், துண்டில் ‘மிஸ்ட் அபோர்ஷன்’ என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா எங்களோடுதான் இருக்கிறா. அவவுக்கு அதில் விளங்கிய ஒரே சொல் அபோர்ஷன். ஒரு சொந்தக்காரர் போனில் அதற்கு ‘கருக்கலைப்பு’ என்று தமிழும் சொல்லிவிட்டார். அடுத்த நாள் குசினியில் வைத்து என் மனைவியிடம் “ஏன் பிள்ளை கலைச்சனீ?” என்று கேட்டிருக்கிறா. நான் விளக்கப்படுத்தியதும் அதை விட்டுவிட்டு, இப்போது லிஃப்டில் பிடித்துக்கொண்டிருக்கிறா. எங்கள் ஃப்ளாட் நாலாம் மாடி. மே 6 முதல் 9 வரை லிஃப்ட் பழுது, மனைவி மரக்கறிப் பையோடு படியேறினது உண்மை.

எனக்கு வேண்டியது ஒரு பத்து வரித் தமிழ். அம்மாவுக்கு வாசித்துக் காட்டக்கூடியதாக, பொய் இல்லாமல், என் மனைவியின் தலையில் எதையும் போடாமல். டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு விளங்கியது, ஆனால் வீட்டுக்கு வந்து தமிழில் வாயைத் திறந்தால் எந்தச் சொல்லும் சரியாக வரவில்லை.

பம்பலப்பிட்டி வாத்தியார்

தம்பி, உங்கள் அம்மா கேட்ட கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. கலைந்தது என்றால் தானாக நடந்தது. கலைத்தாள் என்றால் ஒருத்தி செய்தது. தன்வினை, பிறவினை என்று எட்டாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். பேச்சில் இது கலைஞ்சது, கலைச்சது என்று ஓரெழுத்து வித்தியாசத்துக்குச் சுருங்கிவிடுகிறது. கருக்கலைவு வேறு, கருக்கலைப்பு வேறு. ஆங்கில மருத்துவப் பேச்சில் ‘அபோர்ஷன்’ இரண்டுக்கும் பொதுவாக ஓடுவதால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘கருக்கலைப்பு’ என்று பெயர்ப்பவர் ஒரு பெண்ணின் மீது செய்யாத செயலை ஏற்றிவிடுகிறார். ‘தன்னிச்சையான கருக்கலைப்பு’ என்றும் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அது இன்னும் மோசம், விரும்பிச் செய்தாள் என்றே படிப்பவனுக்குத் தோன்றும்.

கருச்சிதைவு என்று எழுதலாம், அது தன்வினைதான். எனக்குக் காதில் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது, அவ்வளவே. ‘கரு தங்கவில்லை’ என்று நம் ஊரில் சொல்வது மென்மையாக இருக்கும்.

ராசாத்தி மிஸ்

வாத்தியார் ஐயா சொன்னதில் முக்கால்வாசிக்கு நான் உடன்பாடு. கால்வாசியைச் சண்டை பிடிக்கிறேன்.

நான் 28 வருஷம் கொழும்பில் மருத்துவமாதாக வீடுவீடாகப் போனவள். ‘தங்கவில்லை’ என்று சொன்னவுடன் மாமியார்மார் அடுத்துக் கேட்பது “ஏன், இவளுக்குக் கர்ப்பப்பை பலவீனமா?” என்பதுதான். தங்குவதற்கு இடம் கொடுக்காதவள் என்ற அர்த்தம் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். இந்தப் பிள்ளைக்கு நடந்ததில் கர்ப்பப்பை ஒரு குறையும் வைக்கவில்லை. கரு வளர்வதை நிறுத்திய பிறகும் மூன்று கிழமை அது பிடித்து வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதனால்தான் அதற்கு ‘மிஸ்ட்’ என்று பெயர், இரத்தம் கூடப் போகாமல் உள்ளேயே இருந்தது. நான் வீடுகளில் சொல்வது “கருவின் வளர்ச்சி நின்றுவிட்டது” என்று. வளர்ச்சி எழுவாய், அது நின்றது. இதில் பெண்ணே இல்லை பாருங்கள்.

இப்போது லிஃப்ட். தம்பி, நாட்காட்டியை எடுங்கள். மார்ச் 2இலிருந்து 7 கிழமை 1 நாள் என்றால் 50 நாள், அதாவது ஏப்ரல் 21. ஸ்கேன் அளவு சில நாள் முன்பின் இருக்கலாம், ஒரு கிழமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஏப்ரல் கடைசிக்குள் வளர்ச்சி நின்றாயிற்று. லிஃப்ட் பழுதானது மே 6. நின்றுபோன கருவைச் சுமந்துகொண்டுதான் அவ அந்தப் படிகளில் ஏறியிருக்கிறா, அவவுக்கே தெரியாமல். இதை அம்மாவிடம் நாட்காட்டியில் விரல் வைத்துக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது நிற்கும்.

கொட்டாஞ்சேனை கெவின்

அப்போ ஏப்ரல் 21 பக்கம் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும் இல்லையா? புதுவருஷ லீவுக்கு எங்காவது போனீர்களா? பஸ்ஸில் நைட் ட்ராவல்? அல்லது ஒபிஸ் ஸ்ட்ரெஸ்? என் அக்காவுக்கு இரத்தம் பட்டபோது புரொஜெஸ்டரோன் குறைவு என்று மாத்திரை கொடுத்து, படுக்கையிலேயே இருக்கச் சொல்லி, பிள்ளை நன்றாகப் பிறந்தது. உங்கள் மனைவிக்கும் முதலே அந்த மாத்திரை கொடுத்திருந்தால் தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். தப்பாக எடுக்க வேண்டாம்.

வெள்ளவத்தைத் தம்பி

ஏப்ரல் 12 இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனோம், 17ஆம் திகதி திரும்பினோம். கெவின் கேட்ட பிறகு எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. டிக்கெட் எடுத்தது நான்.

ராசாத்தி மிஸ்

இதைத்தான் நான் பயந்தேன். லிஃப்டை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பஸ்ஸைக் கொண்டுவந்து வைக்கிறோம். கெவின் தம்பி, உங்களில் கோபமில்லை, எல்லாரும் இப்படித்தான் தேடுவார்கள்.

கரு நின்ற நாள் வேறு, நிற்பதற்கான காரணம் வந்த நாள் வேறு. ஆரம்ப மாதங்களில் போகும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு, சில கணக்குகளில் அதற்கும் மேலே, காரணம் குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவது. வீட்டில் யாராவது 304 விளையாடுவார்களா? சீட்டுப் போடும்போது இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு ஒருவர் கைக்கு ஒன்று கூடப் போய்விடும், ஆட்டம் தொடங்கி நாலு சுற்றுப் போன பிறகுதான் கணக்கு இடிக்கும். முட்டையும் விந்தும் உருவாகும்போது 46ஐ 23 ஆகப் பிரிக்க வேண்டும். அதில் ஒன்று ஒட்டிக்கொண்டால் கருவுக்கு 47 வந்துவிடும். அது கரு உண்டான நாளிலேயே, இவர்கள் கணக்குக்கு மார்ச் நடுப்பகுதியிலேயே, முடிந்த விஷயம். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எதுவரை வளர முடியுமோ அதுவரை வளரும். சிலது 6 கிழமை, சிலது 9. பஸ் குலுங்கியதால் ஒரு குரோமோசோம் கூடிவிடாது.

சீட்டுப் போட்டவன் மேல் பிழையா என்றால், இங்கே போடுகிற கை என்று ஒன்று இல்லை. வயது ஏற ஏற ஒட்டுகிற சீட்டு அதிகம், அது உண்மை, 40க்கு மேல் நன்றாகக் கூடும். ஆனால் 25 வயதிலும் நடக்கும். கர்ப்பம் என்று உறுதியானவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இப்படி ஆகிறது, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். நம் லேனில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். யாரும் சொல்வதில்லை, அதனால் நமக்கு மட்டும் நடந்ததாகத் தெரிகிறது.

மாத்திரை விஷயத்தில் கெவின் பாதி சரி. முன்பு ஒன்றோ அதிகமோ போனவர்களுக்கு, இந்த முறை இரத்தமும் பட்டால், புரொஜெஸ்டரோன் உதவக்கூடும் என்று 2019இல் பெரிய ஆய்வொன்று வந்தது. முதல் கர்ப்பம், இரத்தமே படாத இந்தப் பிள்ளைக்கு அது பொருந்தாது. அதோடு, கரு நின்றுபோவதாலேயே புரொஜெஸ்டரோன் இறங்கும். மழை பெய்ததால் குடை நனைந்ததை, குடை நனைந்ததால் மழை என்று படிக்கக்கூடாது. படுக்கையில் கிடப்பதால் கரு காப்பாற்றப்படும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. உங்கள் அக்காவின் பிள்ளை பெரும்பாலும் நடமாடியிருந்தாலும் பிறந்திருக்கும்.

தம்பி, அந்த டிக்கெட்டைக் கிழித்துப் போடுங்கள்.

தெமட்டகொட ஷிஃபா

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு மூன்று போனது. எட்டு, ஒன்பது, ஏழு கிழமையில். மூன்றாவதுக்குப் பிறகுதான் இரத்தம் சோதித்து, உறைகிற தன்மை கூட என்று கண்டுபிடித்தார்கள். அதையும் பன்னிரண்டு கிழமை கழித்துத் திரும்ப ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்தினார்கள். நாலாவதுக்கு ஆஸ்பிரினும் தினம் வயிற்றில் ஊசியும். இப்போது மகனுக்கு ஐந்து வயது. அதனால் தம்பி, காரணமே இல்லை என்று இருந்துவிட வேண்டாம், நங்கைக்கு உடனே ஆஸ்பிரின் தொடங்கச் சொல்லுங்கள், சும்மா மாத்திரைதானே.

ராசாத்தி மிஸ்

ஷிஃபா மகள், உங்களுக்கு நடந்ததும் சரி, உங்களுக்குச் செய்ததும் சரி. ஆனால் அது உங்கள் சோதனை முடிவுக்குக் கொடுத்த மருந்து. ஒரே ஒரு முறை போனவருக்கு, சோதனை எதுவும் இல்லாமல், தாமாக ஆஸ்பிரின் எடுப்பதில் பலனில்லை. வொஷ் செய்து பத்து நாளான, இன்னும் இரத்தம் படக்கூடிய ஒருவருக்கு இரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுப்பது யோசனையில்லாத வேலை.

உங்களுடைய பதிவில் எடுக்க வேண்டியது வேறொன்று. பாதிக் கருக்களுக்குக் குரோமோசோம் என்றால் மீதிப் பாதி? தைரொயிட், கட்டுப்பாடில்லாத சீனி வருத்தம், உங்களுக்கு இருந்த உறைதல் பிரச்சினை, கர்ப்பப்பைக்குள் சுவர் போல ஒரு மடிப்பு, சில மருந்துகள். புகையும் மதுவும் ஆபத்தைக் கூட்டும், வீட்டில் அடுத்தவர் பிடிக்கிற புகையும் அதில் சேரும். இவை எதுவும் இல்லாமலும் போகும், கடைசிவரை காரணம் தெரியாமலே போகும். ஒரு முறைக்குப் பிறகு வழக்கமாகத் தேடமாட்டார்கள். இரண்டு முறை போனால் தேடுகிற டொக்டரும் உண்டு, மூன்று வரை பொறுக்கிறவரும் உண்டு. அதனால் தம்பி, அம்மாவிடம் “குரோமோசோம்தான்” என்று அடித்துச் சொல்லாதீர்கள். யாரும் சோதிக்கவில்லை. “பெரும்பாலும் அப்படித்தான், எதுவானாலும் படியேறினதால் அல்ல” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் சொன்னால் பொய்.

மறந்துவிட்டேன், அவவின் இரத்த வகை நெகடிவா என்று துண்டில் பாருங்கள். நெகடிவ் என்றால் வொஷ் செய்தபோது ஒரு ஊசி போட்டிருக்க வேண்டும், போட்டதா என்று அந்த வார்டிலேயே கேளுங்கள். இரத்தம் இரண்டு கிழமை வரை கொஞ்சம் கொஞ்சமாகப் படலாம். இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து, மணிக்கு இரண்டு பேட் நனைந்தால், காய்ச்சல் வந்தால், கெட்ட வாடை அடித்தால், தலை சுற்றி விழுந்தால் காலை வரை காத்திருக்கக்கூடாது.

வெள்ளவத்தைத் தம்பி

ஓ பொசிடிவ். காய்ச்சல் இல்லை. நன்றி மிஸ்.

இன்னொன்று கேட்க வேண்டும். நேற்று இரவு நித்திரை வராமல் இருந்தபோது அவ சொன்னா, ஏப்ரல் கடைசியில் திடீரென்று சத்தி நின்றுவிட்டதாம். அதுவரை தண்ணீர் குடித்தாலும் சத்தி எடுப்பா. நின்றதும் சந்தோஷப்பட்டு, அன்றைக்குப் பொரித்த மீனோடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாவாம். “அது போன நாள் நான் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன்” என்றா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சும்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ராசாத்தி மிஸ்

கையைப் பிடித்தது போதும் அந்த நேரத்துக்கு.

நாளைக்குக் காலை சொல்லலாம்: சத்தி கர்ப்பத்தின் ஹோர்மோனால் வருவது. ஹோர்மோன் இறங்கினால் நிற்கும், நல்லபடியாக வளர்கிற கர்ப்பத்திலும் பலருக்கு அந்தக் கிழமைகளில் குறையும். அவவுக்கு யாரும் மணி அடிக்கவில்லை. பசித்தது, சாப்பிட்டா. அன்றைக்கே வார்டுக்கு ஓடியிருந்தாலும் நின்ற கருவைத் திரும்ப ஓடவைக்க யாராலும் முடியாது. இதைச் சொன்னால் அழுகை நிற்குமா என்றால் நிற்காது. அவ அழுவது காரணம் தெரியாமல் அல்ல. டிசம்பர் 7 என்று ஒரு நாளை மனதில் வைத்திருந்திருப்பா, அந்த நாள் போய்விட்டது.

கொட்டாஞ்சேனை கெவின்

மிஸ், டிசம்பர் 7 எப்படித் தெரியும்?

ராசாத்தி மிஸ்

மார்ச் 2இல் 280 நாளைக் கூட்டினேன். 28 வருஷம் அதைத்தானே செய்தேன்.

தம்பி, போனில் கர்ப்பத்துக்கான அப் ஏதும் போட்டிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். “உங்கள் குழந்தை இப்போது எலுமிச்சம்பழ அளவு” என்று அது ஒவ்வொரு கிழமையும் அனுப்பும். அலுமாரியில் திரிபோஷா பாக்கெட் இருக்கிறதா? அதை என்ன செய்வது என்று அவவைக் கேளுங்கள், நீங்களாகத் தூக்கி எறியாதீர்கள். ஒரு வீட்டில் புருஷன் நல்லதென்று நினைத்து கிளினிக் கார்டை எரித்துவிட்டார். அந்தப் பிள்ளையிடம் அந்தக் கரு இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி.

சொல்லக்கூடாதது: சின்னக் கருதானே, இளம் வயசுதானே, எல்லாம் நன்மைக்கே. சொல்லக்கூடியது அதிகம் இல்லை. “எனக்கும் கவலையாக இருக்கு” என்று நீங்கள் சொன்னீர்களா? ஆம்பிளைகள் அதைச் சொல்லாமல் பில் கட்டுவார்கள், ஓட்டோ பிடிப்பார்கள், பெண் நினைப்பா இவருக்கு ஒன்றுமில்லை என்று. கிழமைகள் போயும் நித்திரையில்லை, சாப்பாடில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற கதை வந்தால் மனநல உதவி இலக்கம் 1926க்குப் போன் எடுங்கள், தமிழில் கதைக்கலாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மட்டக்குளி பாலன்

ஒரு சந்தேகம். துண்டில் அபோர்ஷன் என்று இருந்தால் பொலிஸ் பிரச்சினை வராதா? இலங்கையில் அது குற்றம் அல்லவா? என் மச்சாள் இதனாலேயே இரத்தம் போயும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒரு நாள் வீட்டில் இருந்தா.

பம்பலப்பிட்டி வாத்தியார்

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல், வேண்டுமென்று கருவைக் ‘கலைப்பிப்பது’ தான் குற்றம். கலைந்ததற்குச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. இங்கேயும் பிறவினைதான் குற்றவாளி. பிரித்தானியாவில் 1985 அளவிலேயே சில டொக்டர்கள், தானாகப் போனதற்கு அபோர்ஷன் என்று எழுதவேண்டாம், பெண்கள் நோகிறார்கள் என்று எழுதினார்கள். நம் துண்டுகளில் இன்னும் ஓடுகிறது.

ராசாத்தி மிஸ்

மச்சாளிடம் சொல்லுங்கள், இரத்தம் போனால் உடனே வர வேண்டும். துண்டில் உள்ள சொல்லுக்குப் பயந்து இருந்தால் உயிருக்கு ஆபத்து.

வெள்ளவத்தைத் தம்பி

எழுதிவிட்டேன். திருத்துங்கள்.

“அம்மா, இவ ஒன்றும் செய்யவில்லை. எதையும் செய்யாமலும் விடவில்லை. கருவின் வளர்ச்சி ஏப்ரல் 21 அளவில் தானாக நின்றுவிட்டது. லிஃப்ட் பழுதானது அதற்கு இரண்டு கிழமை கழித்து. பெரும்பாலும் கரு உண்டாகும்போதே அதன் அமைப்பில் ஒரு கணக்குப் பிசகியிருக்கும். படியோ, பஸ்ஸோ, பப்பாளியோ அதைச் செய்யாது. நூறு பேரில் பத்து முதல் இருபது பேருக்கு நடக்கிறது. துண்டில் உள்ள சொல் டொக்டர்மாரின் பழைய சொல், அதற்கு இங்கே கலைஞ்சது என்றுதான் அர்த்தம். வொஷ் பண்ணினது மிச்சம் தங்கி நோய் வராமலிருக்க. ஒரு முறை இப்படி ஆனவர்களில் பெரும்பாலானோருக்கு அடுத்தது நல்லபடியாகப் பிறக்கிறது. இவவுக்கு இப்போது பிள்ளை செத்த துக்கம். அப்படியே நடத்துங்கள்.”

பம்பலப்பிட்டி வாத்தியார்

‘செத்த’ வேண்டாம், ‘பிள்ளையை இழந்த’ என்று போடுங்கள்.

தெமட்டகொட ஷிஃபா

நான் ‘செத்த’வை விடச் சொல்வேன். எனக்கு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏன் அழுகிறேன் என்று எங்கள் வீட்டில் விளங்கியிருக்கும்.

ராசாத்தி மிஸ்

அதை அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். பப்பாளியில் சிறு திருத்தம்: பழுத்தது ஒன்றும் செய்யாது. பச்சைக் காயின் பால் எலியின் கர்ப்பப்பையை இறுக்கியது என்று ஆய்வு உண்டு, அதனால் காயைத் தவிர்க்கச் சொல்வோம். இவர்கள் விஷயத்தில் அது வரவே இல்லை, எடுத்துவிடுங்கள். இல்லாத காரணத்தை ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்?

வெள்ளவத்தைத் தம்பி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

முதலில் மனைவியிடம் காட்டினேன். ‘செத்த’வை அப்படியே விட்டா. ‘அடுத்தது நல்லபடியாகப் பிறக்கிறது’ என்ற வரியை அழித்தா. “அதை மாமிக்குச் சொல்லாதீங்க, நாளையிலிருந்து அடுத்தது எப்ப என்று கேட்கத் தொடங்கிடுவா” என்றா. பப்பாளியையும் எடுத்தாயிற்று.

அம்மாவுக்கு நாட்காட்டியோடு வாசித்தேன். நடுவில் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் ஏப்ரல் 21இல் விரலை வைத்தபடி, “அப்ப யாழ்ப்பாணம் போய் வந்த கையோடயே” என்றா. பஸ் இல்லை அம்மா என்று திரும்பவும் சீட்டுக் கதையைச் சொன்னேன். சரி சரி என்று எழும்பிப் போனா. முழுதாக ஏற்றுக்கொண்டா என்று சொல்லமாட்டேன்.

நேற்றுப் பின்னேரம் சித்தியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தா. லிஃப்டும் வந்தது, பஸ்ஸும் வந்தது. ஆனால் “கலைஞ்சு போட்டுது” என்றா. மனைவி பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா, அவவும் கேட்டா.